ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னா எந்த மாடி? டெலிவரிக்கு வழி சொல்ல நாலு முறை, நம்ம குமரி மாவட்டத்து ஏத்த இறக்கத்துல எது தாங்கும்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில டெலிவரி போன் எடுக்கறது என் வேலை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ இதெல்லாம் வண்டியில ஏத்தி அனுப்பறதுக்கு முன்னாடி "எத்தனாவது மாடி"ன்னு கேக்கணும், ஏன்னா அத வச்சுதான் ரெண்டு ஆள் போதுமா நாலு ஆள் வேணுமான்னு முடிவு பண்றது. நிறைய பேரு என்கிட்ட திருப்பிக் கேக்கற கேள்வி, "அட்ரஸ்ல என்னன்னு எழுதட்டும்? ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னு போட்டா ஒருத்தன் கீழ் வீட்டு பெல்ல அடிக்கான், செகண்ட்னு போட்டா ஒருத்தன் மொட்டை மாடிக்கே போயி நிக்கான்". அதுக்குத்தான் இந்த ஒப்பீடு.

சென்னையிலயோ நாகர்கோவில் டவுனுக்குள்ளயோ சமதரையில இருக்கற கட்டடத்துக்கு இது இவ்வளவு பெரிய பிரச்சனை இல்ல. அகஸ்தீஸ்வரம் பக்கம் தரை ஏறக்குறைய சமம். தக்கலை தாண்டி மேற்கால வந்தா, கல்குளம், விளவங்கோடு, திருவட்டார் பக்கமெல்லாம் மண்ணே ஏத்தமும் இறக்கமுமாத்தான் கிடக்கு, சரிவ வெட்டித்தான் வீடு கட்டுவாவ. முன்னால ஒரு ரோடு, பின்னால அதுக்குப் பத்தடி தாழ இன்னொரு ரோடு. முன் ரோட்டுல இருந்து பாத்தா ஒத்த மாடி வீடு, பின் ரோட்டுல இருந்து பாத்தா அதே வீடு ரெண்டு மாடி. இதுல கிரவுண்ட் எதுன்னு யாரு சொல்ல? இந்த மாதிரி வீட்ட மனசுல வச்சுத்தான் நான் எல்லாத்தையும் எடை போடப்போறேன், சமதரை வீட்டுக்காரங்களுக்கு இதுல பாதி போதும்.

எத வச்சு எடை போடலாம்

நாலு விஷயம் பாத்தா போதும். ஒண்ணு, சொல்றவரும் கேக்கறவரும் எண்ண ஆரம்பிக்கற இடம் ஒண்ணுதானா. ரெண்டு, சரிவுல நிக்கற கட்டடத்துலயும் அந்த சொல் நிக்குமா. மூணு, வாசல்ல வந்து நிக்கற டிரைவர் போன் போடாமலே கண்ணால பாத்து சரிதான்னு தெரிஞ்சுக்க முடியுமா. நாலு, தூக்கற ஆளுக்கு எவ்வளவு படின்னு அதுல இருந்து தெரியுமா. கடைசிது சாப்பாடு பார்சலுக்கு வேண்டாம், வாஷிங் மெஷினுக்கு அதுதான் முதல்ல வேணும்.

| சொல்ற முறை | ஆரம்பப் புள்ளி ஒண்ணா? | சரிவுல தாங்குமா? | கண்ணால பாக்கலாமா? | படிக்கணக்கு தெரியுமா? |
|---|---|---|---|---|
| கிரவுண்ட், ஃபர்ஸ்ட், செகண்ட் | உள்ளூர்ல பெரும்பாலும் ஆமா | இல்ல | போர்டு இருந்தா | பாதி |
| ஒண்ணாவது மாடி, ரெண்டாவது மாடி | ஆமா, ஆனா "ரெண்டு மாடி வீடு" குழப்பும் | இல்ல | ஓரளவு | பாதி |
| மொத்த நிலையில எத்தனாவது | மொத்தத்தையும் சேத்து சொன்னா ஆமா | ஓரளவு | ஆமா | இல்ல |
| ரோட்டுல இருந்து ஏறணுமா இறங்கணுமா, எத்தனை படி | எந்த ரோடுன்னு சொன்னா ஆமா | ஆமா | ஆமா | முழுசா |

1. கிரவுண்ட், ஃபர்ஸ்ட், செகண்ட்

நம்ம ஊரு வழக்கம் பிரிட்டிஷ் வழக்கம், தரையோட இருக்கறது கிரவுண்ட், அதுக்கு மேல உள்ளது ஃபர்ஸ்ட். கட்டடம் கட்ட பிளான் அப்ரூவல் வாங்கும்போதும் தரைத்தளம், முதல் தளம்னுதான் வரும். அதனால ஆபீஸ் பேப்பர், வாடகை ஒப்பந்தம், பேங்க் லோன், இதுக்கெல்லாம் இதவிட நல்ல முறை கிடையாது, கண்ண மூடிட்டு இதையே எழுதுங்க. லிஃப்ட் உள்ள அபார்ட்மெண்டுக்கும் இதுதான் நல்லது, பட்டன்ல என்ன இருக்கோ அத அப்படியே சொல்லிட்டா முடிஞ்சுது.

வெளியில தெரியாத செலவு எங்கன்னா, எண்ணறது எல்லா நாட்டுலயும் இப்படி இல்ல. அமெரிக்காவுல தரையோட இருக்கறதே ஃபர்ஸ்ட் ஃப்ளோர். சிங்கப்பூர்லயும் தரைமட்டம் லெவல் ஒண்ணு, அங்க கதவுல 02-15ன்னு இருந்தா தரைக்கு மேல ஒரு மாடி. வளைகுடாவுல பல கட்டடத்துல கிரவுண்டுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல மெஸனைன், பார்க்கிங்னு ரெண்டு மூணு நிலை போகும், நம்பர் அதுக்கு அப்புறந்தான் ஆரம்பிக்கும். நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தர் வெளியூர்லயோ வெளிநாட்டுலயோ இருக்காவ, அம்மாவுக்கு மிக்ஸி, அப்பாவுக்கு கட்டில்னு அங்க இருந்தே ஆர்டர் போடுவாவ. அமெரிக்காவுல இருக்கற மகன் "செகண்ட் ஃப்ளோர்"னு எழுதினா அது இங்க ஃபர்ஸ்ட் ஃப்ளோரா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு நம்பர்ல இருந்து ஆர்டர் வந்தா நான் மாடி விஷயத்த மகன்கிட்ட கேக்கறதே இல்ல, வீட்டுல இருக்கற அம்மாவோட நம்பர வாங்கி அவுங்ககிட்டயே கேட்டுடுவேன்.

அபார்ட்மெண்டுல இன்னொரு வம்பு, கதவு நம்பர். ஜி-1, எஃப்-1, எஸ்-1, டி-1னு போடுவாங்க, கிரவுண்ட், ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட். மூணு மாடி வரைக்கும் இது அழகா போகும், நாலாவது மாடி வந்ததும் அதுவும் எஃப், அஞ்சாவதும் எஃப். போன்ல "எஃப் டூ"ன்னு சொன்னா கேக்கறவருக்கு எஸ் டூன்னு கேக்கறதும் நடக்கும். கீழ முழுக்க கார் பார்க்கிங்கா விட்டு மேல வீடு கட்டின கட்டடத்துல, முதல் வீட்டு வரிசைய பில்டர் ஃபர்ஸ்ட்னுவாரு, அங்கயே குடியிருக்கற பாட்டி "நாங்க கீழதான் இருக்கோம்"ம்பாங்க, அவுங்களுக்கு கீழ வீடே இல்லல்லா, அதனால அவுங்க சொல்றதும் தப்பில்ல.

2. மாடி எண்ணிக்கை

வயசானவங்ககிட்ட பேசறதுக்கு இதுதான் வசதி. மாடின்னாலே மேல, தரைய யாரும் மாடின்னு சொல்ல மாட்டாங்க, அதனால "முதல் மாடி"ன்னு சொன்னா ஒரு தடவ படி ஏறணும்னு தெளிவா புரியும். எழுத்துல வர்ற "முதல் தளம்" அளவுக்கு கூட குழப்பம் இல்ல, தளம்னு சொன்னா சிலபேரு தரையையும் சேத்து எண்ணிடுறாங்க.

சிக்கல் வர்றது எண்ணிக்கையையும் வரிசையையும் கலக்கும்போது. "ரெண்டாவது மாடி"ங்கறது ஒரு இடம். "ரெண்டு மாடி வீடு"ங்கறது மொத்தக் கணக்கு, அதுல ஒருத்தர் கீழ் வீட்டையும் சேத்து ரெண்டும்பாரு, இன்னொருத்தர் கீழ விட்டுட்டு மேல ரெண்டும்பாரு. போன்ல அவசரத்துல "ரெண்டு மாடிண்ணே"ன்னு மட்டும் வந்தா எதுன்னே தெரியாது, வீடு எவ்வளவு உயரம்னு சொல்றாரா, தான் எங்க இருக்காருன்னு சொல்றாரா? அதுபோல மேல ஷீட் போட்டு துணி காயப்போடற இடம் வச்சிருந்தா அதையும் ஒரு மாடியா எண்ணறவங்க உண்டு.

கீழ ஒரு வீடு, மேல ஒரு வீடு மட்டும் உள்ள இடத்துல நம்பரே வேண்டாம். "மேல வீடு" அப்படின்னு எழுதினா போதும், இதவிட சின்னதா தெளிவா எதுவும் எழுத முடியாது.

3. மொத்தத்துல எத்தனாவது

"மூணு நிலை, அதுல நடுவுல", "மேல் நிலை, அதுக்கு மேல மொட்டை மாடி". இது எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை, ஆனா ஆளுங்க கம்மியாத்தான் பயன்படுத்துறாங்க. நல்லது என்னன்னா டிரைவர் வெளிய நின்னு கட்டடத்த ஒரு தடவ மேலயும் கீழயும் பாத்தா போதும், எந்த நாட்டுக் கணக்குன்னு தெரிய வேண்டாம். கடை காம்ப்ளக்ஸ்ல இது நல்லா வேல செய்யும், "மூணு நிலையில மேல கடைசி, கண்ணாடிக் கதவு".

பலவீனம் ரெண்டு. சரிவுல உள்ள வீட்டுல முன் ரோட்டுல இருந்து பாக்கறவனுக்கு கீழ் நிலை தெரியவே தெரியாது, மூணுன்னு நீங்க சொன்னா அவன் கண்ணுக்கு ரெண்டுதான் இருக்கும், சரியான வீட்டு முன்னாடி நின்னுட்டே "இது அந்த வீடு இல்ல"ன்னு வண்டிய எடுத்துட்டு போயிடுவான். இன்னொண்ணு, எத்தனை படின்னு இதுல தெரியாது.

4. ரோட்டுல இருந்து ஏறணுமா இறங்கணுமா

இதுல நம்பர் தரையில ஆரம்பிக்கல, வண்டி நிக்கற இடத்துல ஆரம்பிக்குது. "மேல தார் ரோட்டுல வண்டி நிக்கும், அங்க இருந்து ஒரு மாடி ஏறணும், பத்தொம்பது படி." சரிவுல உள்ள வீட்டுக்கு ஏறவும் வேண்டியிருக்கும் இறங்கவும் வேண்டியிருக்கும், ரெண்டையும் இந்த முறை மட்டும்தான் தாங்கும்.

படி எண்ணிக்கை ஏன் கேக்கேன்னா, அது பொய் சொல்லாது. சாதாரணமா வீட்டுல ஒரு மாடி உயரம் பத்தடி சுமார், அதாவது 120 இஞ்சு, ஒரு படி ஆறு ஆறரை இஞ்சு, அப்போ ஒரு மாடிக்கு பதினெட்டு இருபது படி வரும். யாராவது "படி ஏறணும்ணே, ஒரு எட்டு படி"ன்னா அது மாடி இல்ல, கேட்டுல இருந்து சிட் அவுட்டுக்கு ஏத்தம். "முப்பத்தெட்டு படி"ன்னா வாய்ல ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னு சொன்னாலும் தூக்கறவன் காலுக்கு அது ரெண்டு மாடி. வாசல்ல எட்டு, உள்ள பத்தொம்பதுன்னு ரெண்டும் சேந்து வர்ற வீடும் நிறைய இருக்கு, அத முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க, ஏன்னா தெனமும் ஏறி இறங்கறவங்களுக்கு அந்த எட்டு படி கண்ணுக்கே தெரியாது.

இதுக்கும் ஒரு ஓட்டை உண்டு, எந்த ரோடுன்னு சொல்லாட்டி மொத்தமும் கவுந்துடும். மேப்புல போடற பின்னு ரொம்ப உதவாது, அதுல உயரம் கிடையாது. பத்தடி வித்தியாசத்துல மேலயும் கீழயும் ரெண்டு ரோடு போனா பின்னு எதுல ஒட்டுதோ அங்க வண்டி போகும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு கீழ உள்ள கடைக்குக் கூட வண்டிய பாலத்து மேல ஏத்திட்டு "வந்துட்டேன்"னு போன் பண்றவங்க இருக்காங்க, அவுங்க மேப்புல ரெண்டும் ஒரே இடம்.

அட்ரஸ்ல எழுதினா கொஞ்சம் நீளம், சில ஆப்ல எழுத்து எண்ணிக்கை கட்டுப்பாடு இருக்கும், அப்போ டெலிவரி குறிப்புன்னு தனியா ஒரு கட்டம் வரும்ல அதுல போடணும். பேப்பர் வேலைக்கு இது ஆகாது, பேங்க்காரங்ககிட்ட "பத்தொம்பது படி ஏறணும்"னு எழுதிக் குடுக்க முடியாதில்லா.

ஒரு வீட்ட வச்சு பாப்போம்

குலசேகரம் போற வழியில உள்ள மாதிரி ஒரு வீடு. மூணு நிலை. கடைசி கீழ் நிலை பின்னால உள்ள சிமெண்ட் ரோட்டோட சமம், அதுல ரப்பர் ஷீட் அடுக்கி வச்சிருக்காவ. நடு நிலை முன்னால உள்ள தார் ரோட்டோட சமம், அதுல வீட்டுக்காரர் குடும்பம். மேல் நிலையில வாடகைக்கு ஒரு குடும்பம், அவுங்கதான் ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின் ஆர்டர் பண்ணிருக்காவ. அந்த மெஷினுக்குள்ள ஆட்டம் நிக்கறதுக்காக கான்கிரீட் கட்டி வச்சிருப்பாங்க, அறுபது கிலோவுக்கு மேல வரும், டாப் லோடு மாதிரி ஒருத்தன் தோள்ல வச்சு ஏத்த முடியாது.

வீட்டுக்காரர் கட்டும்போது கீழ இருந்துதான் ஆரம்பிச்சாரு, அவரு கணக்குல ரப்பர் ஷீட் இருக்கறது கிரவுண்ட், தான் இருக்கறது ஃபர்ஸ்ட், வாடகைக்காரங்க செகண்ட். வாடகை ஒப்பந்தத்துலயும் அப்படியே. அதனால அவுங்க அட்ரஸ்ல "செகண்ட் ஃப்ளோர்"னு எழுதிட்டாங்க. தார் ரோடு வழியா வர்ற டிரைவர் பாக்கறது ஒரு வீடு, அதுக்கு மேல ஒரு வீடு, அதுக்கு மேல மொட்டை மாடி, அவன் கணக்குல செகண்டே கிடையாது. பெல்ல அடிச்சு கேட்டு கண்டுபிடிச்சா பத்து நிமிஷம் போகும், அது பரவால்ல. பின் ரோட்டுல பின்னு விழுந்து வண்டி அங்க போயிட்டாத்தான் வினை. அங்க இருந்து ரெண்டு மாடி, முப்பத்தெட்டு படி, நடுவுல ரெண்டு திருப்பம். தார் ரோட்டுல இருந்து போயிருந்தா பத்தொம்பது படியோட முடிஞ்சிருக்கும்.

இதுல காசும் இருக்கு. பல கடையில ஒரு மாடி வரைக்கும் ஏத்தறது விலையிலயே சேத்தி, அதுக்கு மேல மாடிக்கு மாடி தனி கூலி. "செகண்ட் ஃப்ளோர்"னு அட்ரஸ்ல இருந்தா பில்லு போடறவன் ஒரு மாடிக்கு கூடுதலா போடுவான், உண்மையில ஏறப்போறது ஒரு மாடிதான். தலைகீழாவும் நடக்கும், "ஃபர்ஸ்ட்"னு எழுதி ரெண்டு ஆள் மட்டும் வந்து, முப்பத்தெட்டு படிய பாத்துட்டு சுமட்டுக்கூலி பேசி வாசல்லயே நிப்பாங்க. ஆர்டர் போடும்போதே படிக்கணக்கு சொல்லிட்டா ரெண்டு பக்கமும் பேச்சு இல்ல.

இந்த வீட்டுக்கு நான் எழுதச் சொல்றது இப்படி:

"முன்பக்க தார் ரோடு வழியா மட்டும் வரணும், பின்பக்க சிமெண்ட் ரோடு வேண்டாம். ரோட்டோட சமமா உள்ளது வீட்டுக்காரர் வீடு, அதுக்கு மேல் வீடு எங்களது. இடதுபக்கம் வெளிப்படிக்கட்டு, 19 படி, ஒரு திருப்பம். எங்களுக்கு மேல மொட்டை மாடி. (பேப்பர்ல செகண்ட் ஃப்ளோர்.)"

கடைசி வரிய விட்டுடாதீங்க, பில்லுல உள்ளதும் குறிப்புல உள்ளதும் ஒத்துப் போகலன்னா சில டிரைவர் சந்தேகப்பட்டு திரும்பப் போயிடுவாங்க.

போன்ல எப்படி உறுதிப்படுத்துறது

மோசமான கேள்வி எதுன்னா "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்தானே?". பத்துல ஒம்பது பேரு ஆமான்னுதான் சொல்லுவாவ, அவுங்க மனசுல உள்ள ஃபர்ஸ்ட் ஃப்ளோர் எதுவோ அதுக்கு ஆமா. ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்வியே கேக்கக் கூடாது. நான் கேக்கறது மூணு கேள்வி, இந்த வரிசையில:

"அக்கா, வண்டி எந்த ரோட்டுல நிக்கும்?"
"அங்க இருந்து உங்க வாசலுக்கு ஏறணுமா இறங்கணுமா, எத்தனை படி இருக்கும்?"
"உங்க வீட்டுக்கு கீழ என்ன இருக்கு, மேல என்ன இருக்கு?"

மூணாவது கேள்விதான் முக்கியம். "கீழ ஓனரு, மேல மொட்டை மாடி"ன்னு பதில் வந்துட்டா கட்டடத்துல அந்த மாதிரி இடம் ஒண்ணுதான் இருக்க முடியும். நம்பர் எதையும் யாரும் சொல்லவே வேண்டாம். "கீழ ஒரு வீடு, மேலயும் ஒரு வீடு"ன்னா நடுவுல. "கீழ மண்ணு"ன்னு சொல்லிட்டு "மேல ரெண்டு வீடு"ன்னா கடைசி கீழ. படிக்கணக்கும் இந்த பதிலும் மோதுச்சுன்னா, உதாரணத்துக்கு முப்பத்தெட்டு படின்னு சொல்லிட்டு கீழ ஒரு வீடுதான்னு சொன்னா, ஒண்ணு வாசப்படி நிறைய இருக்கு, இல்ல வேற ரோட்ட நினைச்சுட்டு பேசறாங்க. திரும்ப முதல் கேள்விக்குப் போகணும்.

வாங்கறவங்க பக்கத்துல இருந்தும் இதே மூணையும் கேக்காமலே சொல்லிடலாம். டிரைவர் "வந்துட்டேன்"னு சொன்னா "எந்த மாடியில நிக்கீங்க"ன்னு கேக்காதீங்க, "கண்ணுக்கு முன்னால என்ன தெரியுது"ன்னு கேளுங்க, பச்சை கேட்டு, ரப்பர் ஷீட் காயப்போட்ட கயிறுன்னு எதாவது சொல்லுவாரு, அதுலயே தெரிஞ்சுடும் எந்த ரோட்டுல நிக்காருன்னு.

அப்போ எத எழுத

சமதரை, லிஃப்ட் உள்ள அபார்ட்மெண்ட்: பட்டன் நம்பரும் கதவு நம்பரும், எஃப் எஸ்னு எழுத்து இருந்தா அடைப்புல "முதல் மாடி"ன்னு தமிழ்ல ஒரு தடவ. கீழ ஒண்ணு மேல ஒண்ணு உள்ள வீடு: மேல வீடு, கீழ வீடு, தீந்துது. கடை காம்ப்ளக்ஸ்: மொத்தத்துல எத்தனாவதுன்னும் எந்தக் கடைக்கு மேலன்னும். சரிவுல உள்ள வீடு, ரெண்டு ரோடு உள்ள வீடு: ரோடும் படியும், கூட பேப்பர்ல உள்ள பேரு. ஆம்புலன்ஸ் கூப்பிடற நேரத்துலயும் இந்தக் கடைசி முறையிலதான் சொல்லணும், ஸ்ட்ரெச்சர் எந்த ரோட்டுல இருந்து கம்மி படியில வரும்னு உங்களுக்குத்தான் தெரியும், ஆள ஒருத்தர அந்த ரோட்டுல நிறுத்திடுங்க.

கேஸ் சிலிண்டர், பால், பேப்பர் போடறவருக்கு இதெல்லாம் வேண்டாம், மாசக்கணக்கா வந்து பழகினவரு. ஆள் மாறுன முதல் தடவ மட்டும் சொல்லுங்க, முழு சிலிண்டர் முப்பது கிலோ சுமார், தவறான ரோட்டுல இருந்து அத தூக்கிட்டு ஏறினவரு அடுத்த தடவ கீழயே வச்சுட்டுப் போனா குத்தம் சொல்ல முடியாது.